இரண்டு கட்டம் போட்ட கடிதம்

பொன்னேரி வாத்தியார் எனக்கு எழுதிய கடிதத்தில் ராசிக் கட்டம் இரண்டு இருந்தது. ஒருவனுக்கு ஒரு ஜாதகம்தான் இருக்க முடியும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் நீல மையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு போட்டு, ஒன்றின் தலையில் ‘ரிஷப லக்னம்’ என்றும் மற்றதன் தலையில் ‘மிதுன லக்னம்’ என்றும் எழுதியிருந்தார். கீழே இப்படி ஒரு வரி: ‘இதில் எது நீ என்று எனக்குத் தெரியாது தம்பி. உன் அம்மாவுக்கும் தெரியாது. ஆகையால் இரண்டுக்கும் பொருந்துகிறதை மட்டும் சொல்கிறேன்.’

அது 2013 ஆடி மாதம். எனக்கு 39 வயது முடிந்திருந்தது. எண்ணூர் துறைமுகம் 2001-ல் ஓடத் தொடங்கிய பிறகு, ஐ.டி.ஐ. படித்த குப்பத்துப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் வேலைக்குப் போனோம். நான் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் எலெக்ட்ரீஷியன். மாதம் 11,000 ரூபாய், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. சூப்பர்வைசராக ஏற்றுவதாகவும், வருவதானால் உடனே சொல்ல வேண்டும் என்றும் அப்போது சொல்லியிருந்தார்கள். அதே சமயம் எனக்கு எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நண்டு அடைப்பு போட வேண்டும் என்ற ஆசை நாலைந்து வருஷமாக இருந்தது. நாற்பதைத் தாண்டினால் துணிச்சல் வராது என்ற பயமும் கூடவே இருந்தது. என் மனைவி எதுவும் சொல்லவில்லை. அம்மாதான், ‘வாத்தியாரக் கேட்டுட்டு செய்யி’ என்றாள்.

வாத்தியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவர். என் நைனா அவர் வீட்டுக்கு மடவையும் இறாலும் கொண்டுபோய்க் கொடுத்த பழக்கம். நேரில் பலன் சொல்ல மாட்டார். வாயால் சொன்னால் வேண்டியதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், தாளில் இருந்தால் வேண்டாததையும் படித்தாக வேண்டும் என்பார். அதனால் கடிதம். நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே நேராக விஷயம்.

இரண்டு கட்டம் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். நான் வீட்டில் பிறந்தவன். ஆனந்த வருஷம், ஆனி மாதம், சுவாதி நட்சத்திரம் என்பது வரை குறித்து வைத்திருக்கிறார்கள். நேரம் மட்டும் அம்மாவின் நினைவில்தான் இருந்தது. ‘விடிகாலை. உங்க நைனா வலை எடுக்கப் போய்ட்டாரு. ஏத்தம் எடுத்துக்கினு இருந்துச்சு. கெழக்கால இன்னும் வெளுக்கல.’ இவ்வளவுதான் சாட்சியம். ஆனி மாதம் பாதியில் சூரியன் உதிக்கும்போது மிதுன லக்னம் பாதி ஓடியிருக்கும். உதயத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ரிஷபம் முடிந்து மிதுனம் தொடங்குகிறது. கிழக்கு வெளுக்காத விடிகாலை என்றால் அந்த ஓரத்துக்கு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம்.

வாத்தியார் அதை அப்படியே விட்டுவிடவில்லை. ஏத்தம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். கடலில் ஏத்தமும் வத்தமும் திதியைப் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நான் பிறந்தது வளர்பிறை ஏகாதசி. அன்றைக்கு ஏரியில் ஏத்தம் எத்தனை மணிக்கு எடுக்கும் என்று பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னார். கேட்டேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், ஏரிக்குள் வரும் ஏத்தம் கடலைவிடப் பின்தங்கி வரும், எவ்வளவு பின்தங்கும் என்பது முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றார். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் அடைத்து ஒடுங்குவதும், மழைவெள்ளம் வந்து உடைத்து அகலமாவதும் வருஷா வருஷம் நடந்துவந்தது. 1974 ஆனியில் அது எப்படி இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ‘அப்படியானால் ஒரு மணி நேரம் முன்னே பின்னே என்று வைத்துக்கொள்வோம்’ என்று வாத்தியார் முடித்துவிட்டார்.

அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரியது என்பதைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் கணக்குப் போட்டே காட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன். சுவாதியில் பிறந்தவனுக்கு முதலில் ராகு தசை. அதன் முழு அளவு 18 வருஷம். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கிறது. பிறக்கும்போது நட்சத்திரத்தில் எவ்வளவு பாக்கியோ, தசையிலும் அந்த விகிதம்தான் பாக்கி. 24 மணி நேரத்துக்கு 18 வருஷம் என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது மாதம். அம்மா சொன்ன நேரத்துக்கு ராகு தசை இருப்பு 6 வருஷம் 3 மாதம் வந்தது. பிறகு குரு தசை 16, சனி தசை 19. கூட்டினால் 41 வருஷம் 3 மாதத்தில், அதாவது 2015 செப்டம்பர் வாக்கில், சனி தசை முடிந்து புதன் தசை தொடங்க வேண்டும். ஆனால் அம்மாவின் நினைவு ஒரு மணி நேரம் பிசகியிருந்தால் அந்தத் தேதி ஒன்பது மாதம் முன்னேயோ பின்னேயோ நகர்ந்துவிடும். ‘ஆகவே 2014 டிசம்பர் முதல் 2016 ஜூன் வரை எங்கே வேண்டுமானாலும் மாறலாம். இதற்குள் நாள் குறித்துக் கொடுக்கிறவன் உன்னை ஏமாற்றுகிறான்’ என்று எழுதி, அந்த வாக்கியத்தின் கீழ் கோடு இழுத்திருந்தார்.

அம்மா சொன்ன நேரப்படி அப்போது நடந்தது சனி தசையில் குரு புத்தி, அதுவே கடைசி புத்தி. அதன் அளவுக்கும் வழி சொல்லியிருந்தார். தசை வருஷத்தையும் புத்தி வருஷத்தையும் பெருக்கு: 19-ஐ 16-ஆல் பெருக்க 304. கடைசி எண் 4-ஐ மூன்றால் பெருக்கினால் 12 நாள், மீதியுள்ள 30 மாதம். ஆக இரண்டரை வருஷமும் 12 நாளும். இந்தச் சூத்திரம் ஜோசியர்களுக்கு மனப்பாடம். கேட்க வருபவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பவர்கள் குறைவு. இவர் கணக்கு வாத்தியார், சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஏழரைச் சனி. துலாம் ராசிக்கு அப்போது ஜென்மச் சனி. டி.வி.யிலும் தெருவிலும் கேட்டதெல்லாம் சேர்ந்து நெஞ்சில் ஏறியிருந்தது. வாத்தியார் அதற்குக் கொடுத்த இடம் நாலே வரி. துலாம் சனிக்கு உச்ச வீடு, அங்கே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து அலற வேண்டியதில்லை. அவர் விருச்சிகத்துக்குப் போவது திருக்கணிதப்படி 2014 நவம்பர், வாக்கியப்படி டிசம்பர். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் நடுவே ஒன்றரை மாதம் இருப்பதால் அதையும் நாள் பார்க்கப் பயன்படுத்தாதே. அதோடு விட்டுவிட்டார்.

இனி வேலையா தொழிலா என்ற கேள்வி. ரிஷப லக்னம் என்று வைத்தால் பத்தாம் இடமான ஜீவன ஸ்தானத்தில் குரு. ஒன்பதுக்கும் பத்துக்கும் அதிபதியான சனி தன ஸ்தானத்தில். சம்பளத்தை விடாதே என்று சொல்லும் கட்டம் அது. மிதுன லக்னம் என்றால் லக்னாதிபதி புதன் லக்னத்திலேயே ஆட்சி. சொந்தத் தொழிலுக்குப் போ என்று சொல்லும். என் மனசுக்குப் பிடித்த கட்டத்தை எடுத்துக்கொண்டு பலன் எழுதியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அவரோ இரண்டிலும் ஒரே மாதிரி நிற்பது எது என்று தேடினார். இரண்டு கட்டத்திலும் சனி பாக்கியாதிபதி, அவர் தசை முடிகிற வரை அவர் கொடுத்த வேலையைத் தள்ளாதே. இரண்டிலும் புதன் சொந்த வீட்டில், ஆனால் சூரியனை ஒட்டி அஸ்தமனமாகிக் கிடக்கிறார், தொழில் வரும், கணக்கு எழுதாமல் செய்தால் நிற்காது. ராகு விஷயம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. விருச்சிகத்தில் இருக்கும் ராகு, ரிஷப லக்னத்துக்கு ஏழாம் இடம், கூட்டாளியைக் குறிக்கும். மிதுன லக்னத்துக்கு ஆறாம் இடம், கடனைக் குறிக்கும். ‘எந்தக் கட்டம் உன்னுடையது என்று தெரியாததால் கூட்டும் வேண்டாம், கடனும் வேண்டாம்’ என்றார்.

நட்சத்திரமும் கிரகமும் மனிதனை ஆட்டுகிறதா என்று வாதாட எனக்குப் படிப்பில்லை. நான் சொல்ல வருவது அந்த மனிதரின் முறையை. தெரியாததை எவ்வளவு தெரியாது என்று அளந்து, அந்த அளவுக்குள் எது மாறினாலும் கெட்டுப்போகாத யோசனையை மட்டும் கொடுத்தார். சம்பளமா தொழிலா என்று கேட்கிறவனுக்கு இதைவிட உருப்படியான உதவி ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கடன் வேண்டாம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் லேசான சொல் இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் வியாபாரிகள் முன்பணம் கொடுப்பார்கள். வட்டி கேட்க மாட்டார்கள். பதிலுக்குச் சரக்கு முழுவதும் அவர்களுக்கே போக வேண்டும், அவர்கள் சொல்வதே விலை. முன்பணம் வாங்கியவன் சந்தை விலை என்ன என்று கேட்கும் உரிமையை அன்றைக்கே இழந்துவிடுகிறான். நான் அடைப்பு போட நினைத்ததும் அப்படி ஒரு முன்பணத்தை நம்பித்தான்.

கடிதத்தின் கடைசியில் ஒரு கேள்வி: ‘ஒரு அடைப்பில் எத்தனை நண்டு உயிரோடு இருந்தால் போட்ட பணம் திரும்பும்? இதை எழுதி அனுப்பு. பிறகு மற்றது.’

நண்டு அடைப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பச்சை நண்டு ஓடு கழற்றிய பிறகு புது ஓட்டுக்குள் சதை பிடிக்கச் சில வாரம் ஆகும். அதுவரை உள்ளே தண்ணிதான். தண்ணி நண்டு என்போம். சிங்கப்பூருக்கு உயிரோடு விமானத்தில் போகும் நண்டில் இதைச் சேர்க்க மாட்டார்கள், அதனால் பாதிக்கும் குறைவான விலைதான். அதை வாங்கி, சவுக்குக் கம்பு நட்டு வலை கட்டிய அடைப்பில் விட்டு, கழிவு மீனும் மட்டிச் சதையும் போட்டு மூன்று நாலு வாரம் வளர்த்தால் சதை நிறையும். வலையின் அடியைச் சேற்றுக்குள் ஆழமாகப் புதைக்க வேண்டும், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு போய்விடும். மேல் விளிம்பில் வழவழப்பான பிளாஸ்டிக் தாள் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஏறிப் போய்விடும். சதை பிடித்ததா என்று பார்க்க, நண்டைத் திருப்பி, கால் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துவோம். அமுங்கினால் திரும்ப அடைப்புக்குள். கல் மாதிரி நின்றால் கொடுக்கைக் கட்டிக் கூடைக்கு.

நஷ்டம் வருவது பெரும்பாலும் ஒன்றை ஒன்று தின்பதால்தான். வாங்கும்போது கலந்து வாங்கினால், இன்னும் ஓடு கழற்றாத நண்டும் உள்ளே வந்துவிடும். அது அடைப்புக்குள் ஓடு கழற்றும்போது மெத்தென்று கிடக்கும், மற்றவை விடாது. காலையில் வெறும் ஓட்டுத் துண்டும் கால்களும் மிதக்கும். போட்ட தீனி மிச்சமாவதையும் கவனிக்க வேண்டும். முகத்துவாரம் ஒடுங்கிய கோடையில் தண்ணீர் மாறாமல் சூடேறி நின்றால் முதலில் குறைவது தீனிதான்.

வாத்தியாருக்கு நான் அனுப்பிய கணக்கு இது. 600 கிராம் எடையில் 100 தண்ணி நண்டு, 60 கிலோ. கிலோ 250 ரூபாய் என்றால் 15,000. தீனி 90 கிலோ, கிலோ 20 ரூபாய், 1,800. ஆக 16,800. சதை பிடித்த பிறகு ஒன்று 650 கிராம் நிற்கும், கிலோ 600 ரூபாய்க்குப் போகும். முதல் திரும்ப 28 கிலோ வேண்டும், அதாவது 44 நண்டு. 80 பிழைத்தால் 31,200 வரும், கையில் 14,400 நிற்கும். 50 பிழைத்தால் நிற்பது 2,700 ரூபாய். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழைத் தண்ணி ஏரியில் இறங்கும். அப்போது அடைப்பு போட முடியாது. தண்ணி நண்டு கிடைப்பதும் நம் கையில் இல்லை. நல்லபடியாக ஓடினால் வருஷத்துக்கு ஏழு முறை எடுக்கலாம். ஏழு முறையும் நன்றாக அமைந்தால் ஒரு லட்சத்துச் சொச்சம். என் சம்பளமோ வருஷத்துக்கு 1,32,000.

இந்த எண்களைத் தாளில் பார்க்கும் வரை, தொழில் சம்பளத்தைவிட அதிகம் தரும் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். பதில் அஞ்சலட்டையில் வந்தது. ‘ஒரு அடைப்பு உன் சம்பளம் ஆகாது. இரண்டு வேண்டும். இரண்டும் ஒரு வெள்ளத்தில் போனால் மறுபடி போடும் பணமும், ஆறு மாதம் உலை வைக்கும் பணமும் கையில் சேரும் வரை வேலையில் இரு. ஒரு அடைப்பு இப்போதே போடு. சனி தசை முடியும் ஒன்றரை வருஷ இடைவெளியில் எந்த மாதம் விடுவது என்பதை ஏரியிடம் கேள்.’

சூப்பர்வைசர் வேலையை ஒப்புக்கொண்டேன். அடைப்பு போட ஊர்ப் பஞ்சாயத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது, எந்த நாள் யாருடைய முறை என்பதைச் சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்வார்கள். பாட்டு இடத்தில் ஒரு கம்பு நட்டாலும் பலருடைய முறையைத் தடுத்ததாகும். கரையை ஒட்டி, வலை கட்டாத ஆழமில்லாத இடத்தைக் காட்டினார்கள். கடலைத் தொட்டு வரும் தண்ணீர் அங்கே குறைவாகத்தான் மாறும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த இடத்தைத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வருவது வரட்டும் என்று எண்ணிக்கையை அதற்குத் தக்கபடி குறைத்தே விட்டோம். நான் ஷிப்டில் இருக்கும் நாட்களில் மனைவியும் தம்பியும் சாயங்காலத் தீனி போட்டார்கள். வாங்கியது, செத்தது, விற்றது எல்லாவற்றையும் மனைவி பள்ளிக்கூட நோட்டில் எழுதினாள்.

2015 செப்டம்பர் வந்தது. அம்மா சொன்ன நேரம் சரியென்றால் அதுதான் புதன் தசை தொடங்கும் மாதம். இரண்டாவது அடைப்புக்கான பணமும் சேர்ந்திருந்தது. பக்கத்துக் குப்பத்து உறவுக்காரர் ஒருவர், வேறொரு ஜோசியர் நாள் குறித்தபடி, வியாபாரி முன்பணத்தில் புரட்டாசியில் பெரிதாக அடைப்பு போட்டார். என்னையும் சேரச் சொன்னார். மழைக்கு முன்னால் ஏரியில் பணத்தைப் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் ஜோசியம் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. நான் தை வரை பொறுத்தேன்.

அந்த வருஷம் நவம்பரிலும் டிசம்பர் தொடக்கத்திலும் சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆரணி ஆற்று வெள்ளம் ஏரியில் இறங்கியது. அடைப்பின் பிளாஸ்டிக் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் ஏறினால் உள்ளே ஒரு நண்டு நிற்காது. என் அடைப்பு காலியாகத்தான் இருந்தது, கம்பும் வலையும் மட்டும் போயின. உறவுக்காரருக்கு நண்டும் போயிற்று, முன்பணமும் தலையில் நின்றது. அதை அடைக்க அவர் இரண்டு வருஷம் அதே வியாபாரிக்கு அவர் சொன்ன விலைக்கே இறால் கொடுத்தார்.

இதைச் சொல்லி வாத்தியாரின் ஜோசியம் பலித்தது என்று நான் சொல்லப் போவதில்லை. வெள்ளம் வரும் என்று அவர் கடிதத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. ஒரு வெள்ளத்துக்குத் தாங்கும் பணம் கையில் வைத்துக்கொள் என்றுதான் இருந்தது. அவர் கிரகத்தைப் பார்த்து அதைச் சொன்னாரா, நைனாவிடம் மீன் வாங்கிய இத்தனை வருஷத்தில் எங்கள் குப்பத்துக் கடன் கதைகளைக் கேட்டுச் சொன்னாரா என்று எனக்குப் பிரித்துப் பார்க்க வரவில்லை. ஜோசியம் கேட்கப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பிறந்த நேரம் யார் சொன்னது, எவ்வளவு நிச்சயம் என்று அவர் முதலில் கேட்கிறாரா பாருங்கள். கேட்காமல் தேதி சொன்னால் அந்தத் தேதியை நம்பி வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

2016 பிப்ரவரியில் வேலையை விட்டேன். அந்த டிசம்பரில் வர்தா புயல் அடித்தது; அப்போதும் அடைப்பு காலியாகவே இருந்தது. இப்போது இரண்டு அடைப்பு ஓடுகிறது. மூன்றாவது போடவில்லை, அதற்கு வேண்டிய தண்ணி நண்டு எங்கள் பக்கத்தில் வருவதில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் நண்டு விடுவதில்லை. அந்த மாதங்களில் எண்ணூர்ப் பக்கம் எலெக்ட்ரிக்கல் வேலைக்கு நாள்கூலிக்குப் போகிறேன். வியாபாரி முன்பணம் இதுவரை வாங்கவில்லை.